ஆனிக் கடைசி எந்தத் தேதி?

ஒரு குத்தகைப் பத்திரத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "விசுவாவசு வருஷம் ஆனி மாதம் கடைசித் தேதிக்குள் குத்தகை பாக்கி முழுவதையும் தீர்த்துவிட வேண்டியது. தவறினால் ஆடி முதல் தேதியில் நிலத்தைத் திரும்ப ஒப்படைக்க வேண்டியது." நிலம் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறது. நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்குள்ள வக்கீலுக்குப் பத்திரம் ஆங்கிலத்தில் வேண்டும். மொழிபெயர்ப்பவர் அகராதியைப் புரட்டுகிறார். ஆனி என்ற சொல்லுக்கு ஜூன்–ஜூலை என்று போட்டிருக்கிறது. முதலில் இருப்பது ஜூன். எனவே "ஜூன் 30ஆம் தேதிக்குள்" என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

அந்த ஆண்டு ஆனி பிறந்தது 2025 ஜூன் 15ஆம் தேதி. அந்த ஆனிக்கு 32 நாள். ஆகவே கடைசித் தேதி ஜூலை 16. ஜூலை 10ஆம் தேதி பணத்தோடு வரும் குத்தகைதாரர் தமிழ்ப் பத்திரத்தின்படி ஆறு நாள் முன்னதாகவே வந்திருக்கிறார். ஆங்கிலப் பிரதியின்படி அவர் பத்து நாள் தவணை தவறியவர். வக்கீல் ஜூலை முதல் வாரத்திலேயே நோட்டீஸ் அனுப்பியிருப்பார். இரண்டு தரப்பும் தங்கள் கையில் உள்ள காகிதத்தைக் காட்டிச் சண்டை போடும். இரண்டு காகிதமும் ஒரே பத்திரம்தான்.

இந்தத் தவறு ஆங்கிலம் போதாமல் வருவதல்ல, அகராதியைப் படிக்கும் விதத்தில் வருவது. 'ஜூன்–ஜூலை' என்று போட்டிருப்பது "இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்" என்பதற்காக அல்ல. ஒன்றின் நடுவில் தொடங்கி மற்றதன் நடுவில் முடிகிறது என்பதற்காக. தமிழ் மாதம் பெரும்பாலும் ஆங்கில மாதத்தின் 13ஆம் தேதிக்கும் 18ஆம் தேதிக்கும் இடையில் பிறக்கும். எந்தத் தமிழ் மாதமும் ஓர் ஆங்கில மாதத்துக்குள் முழுதாக அடங்காது.

மேலே சொன்ன உதாரணத்தில் தவறான தேதி முன்னதாக விழுந்தது. பணம் கட்ட வேண்டியவர் அந்தத் தவறான ஆங்கிலப் பிரதியை நம்பியிருந்தால் அவருக்கு நஷ்டமில்லை. சீக்கிரம் கட்டியிருப்பார், அவ்வளவுதான். அதைவிட மோசம், தவறான தேதி பின்னால் விழுவது. "மாசி முதல் தேதிக்குள் மேல்முறையீடு கொடுக்கவும்" என்ற வரியை மாசி என்றால் பிப்ரவரி–மார்ச் என்று பார்த்துவிட்டு "மார்ச் 1" என்று எழுதினால், 2026இல் உண்மையான கெடு பிப்ரவரி 13. மார்ச் 1ஐ நம்பி உட்கார்ந்திருப்பவருக்குப் பதினாறு நாளுக்கு முன்பே கதவு அடைத்துவிட்டிருக்கும். கார்த்திகை முதல் தேதியை "டிசம்பர் 1" ஆக்கினாலும் இதே கதை. கார்த்திகை பிறப்பது நவம்பர் நடுவில்.

சரி, பிறக்கும் தேதி தெரிந்துவிட்டது, முப்பது நாளைக் கூட்டிக்கொண்டால் மாதக் கடைசி வந்துவிடுமே என்று தோன்றும். அதுவும் வராது. சூரியன் ஒரு ராசியில் இருக்கும் காலம்தான் தமிழ் மாதம். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமல்ல. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தள்ளி இருக்கிறது. அப்போது அதன் ஓட்டம் மெதுவாகிறது, சூரியன் மிதுன ராசியைக் கடக்க அதிக நாள் பிடிக்கிறது. ஆனி 32 நாள் வரை போவது அதனால்தான். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், வேகமாக ஓடுகிறது; மார்கழி, தை மாதங்கள் 29, 30 நாளில் முடிந்துவிடுகின்றன. ஒரே மாதத்துக்கு ஓராண்டு 31 நாளும் மறு ஆண்டு 32 நாளும் வருவதுண்டு. ஆகவே மாதக் கடைசியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். அடுத்த மாதம் பிறக்கும் தேதியைக் காலண்டரில் பார்த்து ஒரு நாள் பின்னால் வந்தால் போதும்.

அந்தக் காலண்டர் எந்தக் காலண்டர் என்பதிலும் ஒரு நாள் விவகாரம் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டு வழக்கப்படி சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைவது சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் நடந்தால் அன்றைக்கே மாதப் பிறப்பு. அஸ்தமனத்துக்குப் பின்னால் என்றால் மறுநாள். அந்த நுழைவு நேரத்தை வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களைக் கொண்டும், திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்றைய வானியல் கணக்கைக் கொண்டும் சொல்கிறது. இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். அஸ்தமனம் அந்தச் சில மணி நேரத்துக்கு நடுவில் விழுந்துவிட்டால் மாதமே ஒரு நாள் தள்ளிப் பிறக்கும். 2026 பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். நவீனக் கணக்கின்படி சூரியன் மகரத்துக்குள் நுழைந்தது ஜனவரி 14ஆம் தேதி பிற்பகலில். அதை வைத்து இணையக் காலண்டர்களில் தைப்பொங்கல் 14 என்று இருந்தது. தமிழக அரசின் விடுமுறைப் பட்டியலிலும் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரிலும் ஜனவரி 15. யாழ்ப்பாணத்திலும் இரண்டு வகைப் பஞ்சாங்கமும் புழக்கத்தில் உண்டு. எனவே மொழிபெயர்ப்பில் தேதி போடும்போது எந்தப் பஞ்சாங்கப்படி என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. கெடுத் தேதி மாதப் பிறப்பன்றே விழுந்தால் அந்த வரி கட்டாயம்.

இவ்வளவும் புதிய பத்திரம். வருஷம் தெரியும், காலண்டர் கையில் இருக்கிறது. தாத்தா காலத்துப் பத்திரம் வந்தால் வேலை உண்மையிலேயே சுவாரஸ்யமாகிவிடும்.

ஒரு கடன் பத்திரத்தின் தலைப்பில் "விளம்பி ௵ ஆவணி ௴ ௰௨ ௳" என்று இருக்கிறது என்று வையுங்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௰௨ என்பது தமிழ் எண்ணில் பன்னிரண்டு. இங்கே கண்ணுக்கு ஒரு கண்ணி உண்டு. இரண்டைக் குறிக்கும் ௨, உகரம் போலவே இருக்கும். தேதியைக் குறிக்கும் ௳ என்ற சுழியையும் கையெழுத்தில் பலர் உ என்றே போட்டுவிடுவார்கள். பழக்கமில்லாதவர் கடைசி உ-வை இன்னொரு இரண்டு என்று எடுத்துக்கொண்டு, 122ஆம் தேதியா என்று விழிப்பார். அல்லது முன்னால் உள்ள ௨-ஐத் தேதிச் சுழி என்று நினைத்துப் பத்தாம் தேதி என்று எழுதுவார். பின்னது ஆபத்து, ஏனென்றால் பார்ப்பதற்குச் சரியான தேதி மாதிரியே இருக்கும்.

தேதியைச் சரியாகப் படித்தாயிற்று. எந்த விளம்பி? அறுபது வருஷச் சுற்றில் ஒவ்வொரு பெயரும் திரும்பத் திரும்ப வரும். நமக்கு எட்டுகிற தூரத்தில் மூன்று விளம்பி: 1898, 1958, 2018. முத்திரைத்தாளைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். ராணியின் தலையா, அசோகச் சக்கரமா? தொகை அணா பைசாவிலா, நயா பைசாவிலா? நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. ஆனால் மூலம் இல்லாமல், யாரோ வெள்ளைத்தாளில் எடுத்து வைத்த நகல் மட்டும் இருந்தால் இதெல்லாம் உதவாது. அப்போது கிழமைதான் கைகொடுக்கும். பழைய பத்திரங்களில் தேதியோடு கிழமையும் எழுதும் வழக்கம் இருந்தது நம் பாக்கியம்.

அறுபது தமிழ் வருஷம் என்பது ஏறக்குறைய 21,915 நாள். அதை ஏழால் வகுத்தால் ஐந்து மீதி வரும், சில சமயம் ஆறு. எனவே ஒரு சுற்று கழித்து அதே தமிழ்த் தேதி வரும்போது கிழமை ஐந்தாறு நாள் தள்ளிப் போயிருக்கும். அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளில் ஒரே தேதிக்கு ஒரே கிழமை வரவே வராது. நமது பத்திரத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால், விளம்பி ஆவணி 12 என்பது 1898இல் ஆகஸ்ட் 26 வெள்ளிக்கிழமை, 1958இல் ஆகஸ்ட் 28 வியாழக்கிழமை, 2018இல் ஆகஸ்ட் 28 செவ்வாய்க்கிழமை. பத்திரத்தில் "குருவாரம்" என்று இருந்தால் 1958. சுக்கிரவாரம் என்றால் அது கொள்ளுத்தாத்தா கையெழுத்து.

அந்த மூன்று தேதிகளைத் திரும்பப் பாருங்கள். 1898இல் ஆவணி 12 ஆகஸ்ட் 26ஆக இருந்தது, 1958இல் 28. தமிழ் வருஷம் நட்சத்திரங்களை வைத்து அளக்கப்படுகிறது, ஆங்கில வருஷம் பருவங்களை வைத்து. முன்னது சற்று நீளம். அறுபது எழுபது வருஷத்தில் ஒரு நாள் அளவுக்கு அந்த வித்தியாசம் சேர்ந்துவிடும். அதோடு ஆங்கிலக் காலண்டரில் 1900ஆம் ஆண்டு லீப் வருஷமாக இல்லாததால் அங்கே இன்னொரு நாள் ஏறிக்கொண்டது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்று மகர சங்கராந்தி என்பதைப் பலரும் படித்திருப்பார்கள். இன்று அதே சங்கராந்தி 14 அல்லது 15. இன்றைய காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூற்றிருபது வருஷப் பத்திரத்துக்குத் தேதி போட்டால் இரண்டு மூன்று நாள் தவறிவிடும். பழைய தேதிகளுக்கு அந்தந்த வருஷத்துப் பஞ்சாங்கமோ, எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை தயாரித்தவை போன்ற தேதி மாற்று அட்டவணைகளோதான் துணை.

மாதத் தேதியாவது ஒரு விதிக்குள் நிற்கிறது. பண்டிகையைக் கெடுவாக வைத்து எழுதிய பத்திரம் வேறு ரகம். நம் ஊரில் வாய்ப்பேச்சுக் கடனிலும் குத்தகையிலும் "தீபாவளிக்குள்", "ஆடி அமாவாசைக்கு முன்னால்" என்று பேசுவது சகஜம். பேசியவர்களுக்கு அது குழப்பமே இல்லை. பேப்பரில் ஏறி, மொழி மாறி, ஊர் மாறிப் போகும்போதுதான் சிக்கல்.

பண்டிகைகளில் சில சூரியத் தேதியில் நிற்பவை. ஆடிப்பெருக்கு ஆடி 18. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் 3. பொங்கல் தை 1. இவை வருஷத்துக்கு வருஷம் ஒரு நாளுக்கு மேல் நகராது. மற்றவை திதியையோ நட்சத்திரத்தையோ பிடித்துக்கொண்டு வருபவை; அவை நிலவோடு ஓடும். தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. போன வருஷத் தேதியை அப்படியே எடுத்து இந்த வருஷத்துக்குப் போட்டால் பத்து நாளுக்குக் குறையாமல் தவறும். இதை எல்லோரும் அறிவார்கள். அறியாமல் மாட்டிக்கொள்வது கீழே வருகிற மூன்று இடங்களில்.

2023இல் ஆடி மாதத்துக்குள் இரண்டு அமாவாசை வந்தது. ஆடி 1ஆம் தேதி, அதாவது ஜூலை 17 அன்று ஒன்று. ஆகஸ்ட் 16 அன்று இன்னொன்று. ராமேஸ்வரத்தில் கூட்டம் அலைமோதியது இரண்டாவதற்கு. ஆனால் "ஆடி அமாவாசையன்று பணம் தருகிறேன்" என்று எழுதியவர் முதலாவதை நினைத்தாரா, இரண்டாவதையா? முப்பது நாள் வித்தியாசம், வட்டியோடு.

வைகுண்ட ஏகாதசி மார்கழியில் வருவது. மார்கழி ஆங்கில வருஷத்தின் இரண்டு பக்கமும் காலை ஊன்றி நிற்கிற மாதம். 2023இல் ஜனவரி 2ஆம் தேதியும் வைகுண்ட ஏகாதசி, டிசம்பர் 23ஆம் தேதியும் வைகுண்ட ஏகாதசி. அடுத்தது 2025 ஜனவரி 10. நடுவில் 2024க்கு ஒன்றுமே இல்லை. "2024 வைகுண்ட ஏகாதசிக்குள்" என்று ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அப்படி ஒரு நாள் கிடையாது. தமிழ் வருஷப் பெயரோடு "குரோதி வருஷ வைகுண்ட ஏகாதசி" என்று மூலத்தில் இருந்தால் குழப்பமில்லை, 2025 ஜனவரி 10தான். வருஷப் பெயரை மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டு "2024" என்று சுருக்கியவரால் வந்த வினை அது. குரோதி வருஷம் 2024 சித்திரையில் தொடங்கி 2025 பங்குனி வரை ஓடியது. தமிழ் வருஷத்தின் கடைசி மூன்று மாதமும் மார்கழியின் பாதியும் அடுத்த ஆங்கில வருஷத்தைச் சேர்ந்தவை.

மூன்றாவது தீபாவளி. நாம் நரக சதுர்த்தசி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். வடக்கே அமாவாசை மாலையில் லட்சுமி பூஜை. பல வருஷம் இரண்டும் ஒரே ஆங்கிலத் தேதியில் விழும். 2018இல் விழவில்லை. தமிழ்நாட்டில் நவம்பர் 6, டெல்லியில் நவம்பர் 7. மதுரைக் கடைக்காரருக்கு "தீபாவளிக்கு முதல் நாள்" சரக்கு வந்து சேர வேண்டும் என்ற ஒப்பந்தம் ஆங்கிலம் வழியாக டெல்லிக்குப் போனால், அங்கே உள்ளவர் 6ஆம் தேதி என்று படிப்பார். கடைக்காரருக்கு அன்றைக்கு வியாபாரமே முடிந்து, பட்டாசுக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருப்பார். பண்டிகைப் பெயருக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரும் வேண்டும்.

பெயர் ஒற்றுமையும் ஏமாற்றும். சித்திரையைச் சைத்ர என்றும் கார்த்திகையைக் கார்த்திக என்றும் எழுதினால் ஏதோ மரியாதையான வடிவம் மாதிரி இருக்கும். ஆனால் 1957 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய காலண்டரில் சைத்ர மாதம் மார்ச் 22இல் தொடங்குகிறது, லீப் வருஷத்தில் 21இல். மத்திய அரசிதழின் தலைப்பில் ஆங்கிலத் தேதியோடு அந்தத் தேதியும் இருக்கும். நமது சித்திரை ஏப்ரல் 14. மூன்று வாரத்துக்கு மேல் வித்தியாசம். சித்திரையைச் சித்திரை என்றே விட்டுவிடுங்கள்.

இனி சட்டம் எந்தக் காலண்டரைப் பார்க்கிறது என்ற கேள்வி. 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் தேவைகளுக்கு எல்லா ஆவணங்களும் கிரிகோரியன் காலண்டர்படி எழுதப்பட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது. அதற்கு முந்தைய 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே விதிக்கு ஓர் எடுத்துக்காட்டும் கொடுத்திருந்தார்கள்: உள்நாட்டுத் தேதி மட்டும் போட்டு, நான்கு மாதம் கழித்துத் தருவதாக எழுதிய புரோநோட்டு. அந்த நான்கு மாதத்தைக் கிரிகோரியன் கணக்கில் எண்ணி, அது முடிந்த பிறகே வழக்குப் போடும் காலம் ஓடத் தொடங்கும்.

நடைமுறையில் இது என்ன செய்யும்? விசுவாவசு வைகாசி 15 தேதியிட்ட நோட்டு, "இன்றிலிருந்து இரண்டு மாதத்தில்" தவணை. வைகாசி 15 என்பது 2025 மே 29. எழுதியவர்கள் ஆடி 15 என்றே மனதில் வைத்திருப்பார்கள். அது ஜூலை 31. வைகாசிக்கு 31 நாள், ஆனிக்கு 32 நாள் போய்விடுகிறதல்லவா. ஆங்கில மாதப்படி எண்ணினால் ஜூலை 29. காலவரம்புக்குச் சட்டம் பார்ப்பது 29ஐ. அதே சமயம் அந்த விதி வழக்குப் போடும் கெடுவுக்கு மட்டும்தான். இரண்டு பேருக்குள் பணம் எப்போது கொடுக்க வேண்டும் என்று பேசினார்கள் என்பது ஒப்பந்தத்தைப் படித்து முடிவு செய்ய வேண்டிய வேறு கேள்வி. மொழிபெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து "ஜூலை 31" என்று எழுதிவிட்டால், வக்கீல் கேட்க வேண்டிய கேள்வியையே மறைத்துவிடுகிறார். பத்திரத்தில் தேதி இருந்தால் தேதியை மாற்றித் தரலாம். "இரண்டு மாதம்" என்று இருந்தால் "இரண்டு மாதம்" என்றே இருக்கட்டும்.

தேதியை மாற்றித் தரும் இடத்திலும் மூலத்தை அழிக்கக் கூடாது. ஆனிக் கடைசி விவகாரத்தில் ஆங்கிலப் பிரதி இந்த அமைப்பில் இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது. ஆங்கில எழுத்தில், இந்தப் பொருளில்: "விசுவாவசு ஆண்டு ஆனி மாதத்தின் கடைசி நாளுக்குள் [மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: 2025 ஜூலை 16, புதன்கிழமை, தமிழ்நாட்டு வழக்குப் பஞ்சாங்கப்படி]". மூலத்தில் உள்ளது அடைப்புக்கு வெளியே, தான் சேர்த்தது சதுர அடைப்புக்குள். கிழமையையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் கிழமை உடனே காட்டிக்கொடுக்கும். மாதத்தை எண்ணில் போடாமல் பெயரால் எழுத வேண்டும். 2026 தீபாவளியை 08/11/2026 என்று எழுதினால் அமெரிக்காவில் இருப்பவர் ஆகஸ்ட் 11 என்று படிப்பார்.

இன்னும் நடக்காத பண்டிகைக்குத் தேதி போடுவதில் கொஞ்சம் அடக்கம் வேண்டும். தமிழக அரசு அடுத்த வருஷத்து விடுமுறைப் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுகிறது. அது வந்துவிட்டால் அதையே ஆதாரமாகக் காட்டலாம். "ஒவ்வொரு வருஷமும் கார்த்திகைத் தீபத்தன்று" என்று பத்து வருஷத்துக்கு எழுதிய பத்திரத்தில் பத்துத் தேதி போட்டுக் கொடுப்பது மொழிபெயர்ப்பவர் வேலையல்ல. பண்டிகைப் பெயரை அப்படியே எழுதி, கார்த்திகை மாதத்தில் கிருத்திகை நட்சத்திரம் கூடும் நாள், வருஷந்தோறும் நவம்பர் நடுவுக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையில் மாறி வரும் என்று ஒரு குறிப்புக் கொடுத்தால் போதும்.

எந்தப் பஞ்சாங்கமும் தீர்க்க முடியாத ஒன்று உண்டு. "தைக்குள்" என்று எழுதியிருந்தால், தை பிறப்பதற்கு முன்னா, தை முடிவதற்கு முன்னா? தமிழில் இரண்டுக்கும் அந்தச் சொல் இடம் கொடுக்கும். 2026இல் ஒன்று ஜனவரி 14, மற்றது பிப்ரவரி 12. "பொங்கலுக்குள்" என்பதிலும், போகியோடு முடிகிறதா, காணும் பொங்கல் வரை இழுக்கலாமா என்று வாதாட இடமிருக்கிறது. எழுதிக்கொடுத்தவரிடம் கேட்க முடிந்தால் கேட்கலாம். "தை பொறக்கறதுக்கு முன்னாடின்னுதான் பேசிக்கிட்டோம் தம்பி" என்று அவர் சொல்லலாம். அப்போதும் அதை மொழிபெயர்ப்புக்குள் நுழைக்க முடியாது, ஏனென்றால் பத்திரம் அப்படிச் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வேறு மாதிரி சொல்லக்கூடும். செய்யக்கூடியது, இரண்டு பொருளுக்கும் உரிய இரண்டு தேதிகளையும் அடைப்புக்குள் போட்டு, மூலச் சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது என்று எழுதுவது. அதோடு, வேலை கொடுத்தவருக்குத் தனியாக ஒரு வரி: முந்தைய தேதியை மனதில் வைத்து நடந்துகொள்ளுங்கள், மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும்.